அரை மணி நேரத் தூக்கம்: எது இயல்பு, எது எச்சரிக்கை?

மூன்று மாதம் முதல் ஆறு மாதம் வரையுள்ள குழந்தைகள் பலர் பகலில் ஒரு முறைக்கு முப்பது, நாற்பது நிமிடங்களுக்கு மேல் தூங்குவதில்லை. தூளியில் போட்டு ஆட்டி, கண் மூடியதைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய் உலை வைப்பதற்குள் குழந்தை விழித்துக்கொள்கிறது. இரவில் அதே குழந்தை மூன்று, நான்கு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்குகிறது. பகலில் மட்டும் ஏன் இப்படி என்ற கேள்விக்குப் பால் போதவில்லை, திருஷ்டி பட்டுவிட்டது, உரம் விழுந்துவிட்டது என்று வீட்டுக்கு வீடு ஒரு பதில் கிடைக்கும். பெரும்பாலான குழந்தைகளிடம் காரணம் இவற்றில் எதுவுமில்லை. தூக்கம் வளரும் விதமே அப்படி. சிலரிடம் மட்டும் குறுகிய தூக்கத்துக்குப் பின்னால் ஒரு நோய் இருக்கலாம். இந்த இரண்டையும் பிரித்தறியக் கடிகாரத்தைப் பார்ப்பதால் பயன் குறைவு. குழந்தை எப்படி விழிக்கிறது, ஒரு நாள் முழுவதும் மொத்தமாக எவ்வளவு தூங்குகிறது, எடை ஏறுகிறதா என்பவையே பார்க்க வேண்டியவை.

ஒரு சுற்று முடியும் இடம்

தூக்கம் ஒரே ஆழத்தில் நீடிப்பதில்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கி, நத்தானியேல் கிளீட்மன் இருவரும் தூக்கத்தின் நடுவே கண்கள் விரைந்து அசையும் கட்டம் ஒன்று இருப்பதை 1953-இல் அறிவித்தார்கள். 1955-இல் அவர்களே தூங்கும் குழந்தைகளைக் கவனித்து, அசைவும் அமைதியும் ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை மாறி மாறி வருவதைப் பதிவு செய்தார்கள். பெரியவர்களுக்கு இந்தச் சுற்று ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். குழந்தையின் சுற்று அதைவிடச் சிறியது. ஆகவே ஆழ்ந்த தூக்கத்திலிருந்து மேலே வரும் தருணமும் சீக்கிரமே வந்துவிடுகிறது.

பிறந்த குழந்தையின் தூக்கத்தில் ஏறக்குறையப் பாதி, கண்ணும் உதடும் விரல்களும் அசைந்துகொண்டிருக்கும் அசைவுத் தூக்கம். குழந்தை தூங்கத் தொடங்குவதே அந்தக் கட்டத்தில்தான். மடியில் தூங்கிய பச்சைக் குழந்தையைப் பாயில் கிடத்தியதும் விழித்துக்கொள்வதற்கு இது ஒரு காரணம்; அந்த நேரத்தில் அது இன்னும் மேலோட்டமான தூக்கத்தில் இருக்கிறது. மூன்று மாத வாக்கில் வரிசை மாறுகிறது. குழந்தை முதலில் அமைதித் தூக்கத்துக்குள் போகிறது. சில நிமிடங்களில் அது ஆழமாகிறது. கையைத் தூக்கி விட்டால் துவண்டு விழும். பிறகு மெல்ல மேலே வருகிறது. தூங்கி முப்பது நிமிடத்திலிருந்து நாற்பத்தைந்து நிமிடத்துக்குள் ஒரு அரைவிழிப்பு வருகிறது. பெரியவர்களும் இரவில் பல முறை இப்படி அரைவிழிப்புக்கு வருகிறார்கள். புரண்டு படுத்து, காலையில் மறந்துவிடுகிறார்கள்.

இந்த அரைவிழிப்பைக் குழந்தை இரவில் கடந்துவிடுகிறது, பகலில் கடக்க முடிவதில்லை. ஏன் என்பதற்குத் தூக்க ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பெலி 1982-இல் முன்வைத்த விளக்கம் உதவுகிறது. தூக்கத்தை இரண்டு விசைகள் ஆள்கின்றன என்றார் அவர். ஒன்று, விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் உடலில் சேர்ந்துகொண்டே போகும் தூக்கத் தேவை. மற்றொன்று, இரவு பகலை அறிந்த உடல் கடிகாரம். இருட்டியதும் மெலடோனின் சுரந்து தூக்கத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. இரவில் இந்த இரண்டு விசைகளும் ஒரே பக்கம் சேர்ந்து இழுக்கின்றன. ஆகவே ஒரு சுற்று முடிந்ததும் அடுத்த சுற்று தானாகத் தொடங்குகிறது. பகலிலோ குழந்தை விழித்திருந்தது இரண்டு மணி நேரம்தான். அதற்குள் சேர்ந்த தூக்கத் தேவையை அரை மணித் தூக்கமே பெருமளவு தீர்த்துவிடுகிறது. உடல் கடிகாரமும் விழித்திரு என்றே சொல்கிறது. அடுத்த சுற்றுக்குள் தள்ளிவிட எந்த விசையும் மிச்சமில்லை.

மெலடோனின் சுரப்பில் இரவு பகல் வேறுபாடு இரண்டு, மூன்று மாதங்களில்தான் உருவாகிறது. அதற்கு முன் பகல் தூக்கம் இருபது நிமிடமாகவும் இருக்கும், மூன்று மணி நேரமாகவும் இருக்கும். அதன் பின் இரவுத் தூக்கம் நீள, பகல் தூக்கம் துண்டு துண்டாகிறது. நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை மூன்றாம், நான்காம் மாதத்தில் கெட்டுவிட்டது என்று வீட்டில் பேசப்படுவது இந்த மாற்றத்தைத்தான். தூக்கம் கெடவில்லை, பெரியவர்களின் தூக்க அமைப்பை நோக்கி நகரத் தொடங்கியிருக்கிறது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இந்தக் கணக்கைப் பிறந்த நாளிலிருந்து போடக் கூடாது, பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து போட வேண்டும்.

தூளி நின்றதும் விழிப்பது

அரைவிழிப்பு எல்லாக் குழந்தைக்கும் வருகிறது என்றால் சில குழந்தைகள் ஒன்றரை மணி நேரம் தூங்குவது எப்படி? ஒரு பகுதி, பிறவி வேறுபாடு. தூக்கத் தேவை சேரும் வேகமும் தீரும் வேகமும் குழந்தைக்குக் குழந்தை மாறுகின்றன. மற்றொரு பகுதி, தூங்கிய சூழலுக்கும் விழிக்கும் சூழலுக்கும் உள்ள வேறுபாடு.

தூளியின் ஆட்டத்தில் கண் மூடிய குழந்தை அரைவிழிப்புக்கு வரும்போது தூளி அசையாமல் நிற்கிறது. பால் குடித்துக்கொண்டே தூங்கிய குழந்தை விழிக்கும்போது தாயின் மார்பு அருகில் இல்லை. தூங்கப்போனபோது இருந்தது இப்போது இல்லாததால், அரைவிழிப்பு முழுவிழிப்பாகிவிடுகிறது. இரவில் தூக்கத் தேவை மிகுதியாக இருப்பதால் இந்த வேறுபாடு பெரிதாகத் தாக்குவதில்லை. பகலில் அதுவே போதுமான காரணமாகிவிடுகிறது. வெளிச்சம், குக்கர் விசில், வாசலில் வண்டிச் சத்தம் ஆகியவையும் இந்தச் சில நிமிடங்களில்தான் குழந்தையை எழுப்புகின்றன. ஆழ்ந்த தூக்கத்தின் நடுவில் இதே விசில் பத்து முறை அடித்தாலும் குழந்தை அசையாமல் கிடக்கும்.

இதனால் தூளி கெட்ட பழக்கம் என்றோ, பால் கொடுத்துத் தூங்க வைப்பது தவறு என்றோ ஆகாது. அரை மணியில் விழிப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று தெரிந்தால் போதும். வீட்டாருக்கு அது சிரமமாக இருந்தால் மாற்றிப் பார்க்கலாம். சிரமமில்லை என்றால் மாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை.

ஒரு நாளின் கணக்கு

எடுத்துக்காட்டாக, நான்கரை மாதக் குழந்தை ஒன்றின் நாளைப் பார்க்கலாம். காலை 6.30-க்கு விழிக்கிறது. 8.15 முதல் 8.45 வரை ஒரு தூக்கம். பிறகு 10.40 முதல் 11.15 வரை, 1.10 முதல் 1.40 வரை, 3.35 முதல் 4.15 வரை, கடைசியாக மாலை 6 முதல் 6.30 வரை. ஐந்து தூக்கமும் சேர்ந்து இரண்டே முக்கால் மணி நேரம். இரவு 8.15-க்குத் தூங்கி, இரண்டு முறை பாலுக்கு எழுந்து, மறுநாள் 6.30-க்கு விழிக்கிறது. பாலுக்கு எழுந்த முக்கால் மணி நேரத்தைக் கழித்தால் இரவுத் தூக்கம் ஒன்பதரை மணி நேரம். ஆக, ஒரு நாளில் பன்னிரண்டே கால் மணி நேரம்.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, நான்கு மாதம் முதல் பதினொரு மாதம் வரையுள்ள குழந்தைக்குப் பகல் தூக்கமும் சேர்த்து நாளொன்றுக்கு 12 முதல் 16 மணி நேரம் தூக்கம் வேண்டும். இந்தக் குழந்தை அந்த எல்லைக்குள், கீழ்ப்பக்கத்தில் இருக்கிறது. ஒரு தூக்கம் இத்தனை நிமிடம் நீடிக்க வேண்டும் என்று அந்த வழிகாட்டுதல் எதுவும் சொல்லவில்லை. கணக்கு முழு நாளுக்கானது.

அடுத்துப் பார்க்க வேண்டியது தடுப்பூசி அட்டை. பதினான்காம் வாரத் தடுப்பூசியின்போது எடை 5.8 கிலோ என்றும், பத்தொன்பதாம் வாரத்தில் 6.5 கிலோ என்றும் வைத்துக்கொள்வோம். முப்பத்தைந்து நாளில் 700 கிராம், அதாவது நாளுக்கு 20 கிராம். இந்த வயதுக்கு அது நல்ல ஏற்றம். நாளுக்கு ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் கழிக்கிறது என்றால் பால் போதவில்லை என்ற சந்தேகத்துக்கும் இடமில்லை.

மூன்றாவது, விழித்த முகம். காலைத் தூக்கங்கள் முடிந்ததும் சிரித்துக்கொண்டு கையை வாயில் வைத்து விளையாடினால், அந்த அரை மணியே அதற்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. மத்தியானத் தூக்கத்திலிருந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு அழுதபடி எழுந்தால், தூக்கம் மிச்சமிருக்கும்போதே விழித்துவிட்டது. இரண்டுக்கும் செய்ய வேண்டியது வேறு. சிரித்து எழும் தூக்கத்துக்கு முன்னால் பத்துப் பதினைந்து நிமிடம் கூடுதலாக விழித்திருக்க விட்டால் தூக்கத் தேவை சற்று அதிகம் சேரும், தூக்கமும் நீளக்கூடும். அழுது எழும் தூக்கத்துக்கு முன்னால் அப்படிச் செய்தால் களைப்பு மிகுந்து நிலைமை மோசமாகும். அங்கே உதவுவது, அரைவிழிப்பு வருவதற்குச் சற்று முன், இருபத்தைந்தாவது நிமிடத்தில், பக்கத்தில் இருந்து மார்பின் மேல் லேசாகக் கை வைப்பது அல்லது மெதுவாகத் தட்டிக் கொடுப்பது. முனகல் கேட்டதும் தூக்கிவிடாமல் ஓரிரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பதும் அதே அளவு முக்கியம். அசைவுத் தூக்கத்தில் குழந்தை முனகும், முகம் சுளிக்கும், கண்ணைக்கூடத் திறக்கும்; தூக்கிவிட்டால்தான் உண்மையில் விழித்துக்கொள்ளும்.

ஐந்து தூக்கத்தையும் ஒரே நாளில் நீட்ட முயல்வது வீண். ஒரே ஒரு தூக்கத்தை, இருட்டாக்கிய அறையில், ஒரு வாரம் முயன்று பார்க்கலாம். அது ஒரு மணி நேரமானால் நல்லது. ஆகவில்லை என்றால் வயது இன்னும் வரவில்லை என்று பொருள். ஆறாம் மாதத்தையொட்டிக் குழந்தை தொடர்ந்து விழித்திருக்கும் நேரம் கூடுகிறது. ஐந்து தூக்கம் மூன்றாகவும், பிறகு இரண்டாகவும் குறைகிறது. எண்ணிக்கை குறையும்போது ஒவ்வொன்றும் தானாக நீள்கிறது. எட்டு மாதத்திலும் அரை மணிக்கு மேல் தூங்காத குழந்தைகள் உண்டு. மொத்தக் கணக்கும் எடையும் உற்சாகமும் சரியாக இருந்தால் அதையும் அந்தக் குழந்தையின் இயல்பு என்றே கொள்ள வேண்டும்.

கவலைப்பட வேண்டிய விழிப்பு

மொத்தத் தூக்கம் பல நாளாகப் பத்து மணி நேரத்தைச் சுற்றியே நின்று, குழந்தை விழித்திருக்கும் நேரமெல்லாம் அழுதுகொண்டிருந்தால், ஏதோ ஒன்று அதைத் தூங்கவிடவில்லை. முதலில் பார்க்க வேண்டியது பசி. எடை ஏற்றம் நின்று, சிறுநீர் குறைந்திருந்தால் தூக்கத்தை விட்டுவிட்டுப் பாலூட்டலைச் சரிசெய்ய வேண்டும். பால் குடிக்கும்போதே மூச்சிரைத்து, நெற்றி வியர்த்து, பாதியில் களைத்துத் தூங்கி, அரை மணியில் மறுபடி பசித்து எழும் குழந்தையை இதய நோய் இருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும்.

அடுத்தது வலியும் அரிப்பும். நிமிர்த்தித் தோளில் போட்டால் தூங்கி, படுக்க வைத்ததும் வீறிடும் குழந்தைக்குக் காது அழற்சியோ, இரைப்பை அமிலம் மேலேறும் தொல்லையோ இருக்கலாம். பால் கக்குவது மட்டும் நோய் ஆகாது. நான்கு மாத வாக்கில் பாதிக் குழந்தைகளாவது கக்குகின்றன. ஒரு வயதுக்குள் நின்றுவிடும். எடை ஏறாமல், பாலை மறுத்து, முதுகை வில்லாக வளைத்து அழுதால்தான் அது நோய். வாந்தி பச்சை நிறமாக வந்தால் குடல் அடைப்பாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கன்னத்திலும் கைகால்களிலும் தோல் தடித்துச் சிவந்த குழந்தை அரிப்பால் விழிக்கும். தோலைக் குணப்படுத்தினால் தூக்கம் திரும்பும்.

மூச்சையும் கவனிக்க வேண்டும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தை தூக்கத்தில் ஐந்து, பத்து நொடி மூச்சை நிறுத்தி மறுபடி விடுவது வழக்கமானதே. நிறுத்தம் இருபது நொடியைத் தாண்டினாலோ, உதடு நீலமானாலோ, உடல் துவண்டாலோ அது அவசரம். சளி இல்லாத நாட்களிலும் தினமும் குறட்டை விடுவது, வாய் திறந்தபடி தூங்குவது, மூச்சிழுக்கும்போது விலா எலும்புக்கு நடுவே குழி விழுவது ஆகியவை மூச்சுப்பாதையில் தடை இருப்பதைக் காட்டுகின்றன. அந்தக் குழந்தை அரை மணியில் விழிப்பது மூச்சு விடுவதற்காக.

இவை எல்லாவற்றையும்விடத் தவறவிடக் கூடாதது ஒன்று உண்டு. அது எளிதில் தவறிவிடுவதும்கூட. ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் 1841-இல் தன் சொந்த மகனுக்கு வந்த விசித்திரமான வலிப்பைப் பற்றி லான்செட் மருத்துவ இதழுக்கு எழுதினார். இன்று வெஸ்ட் நோய்க்குறி என்று அவர் பெயரால் அறியப்படும் அந்த வலிப்பு பெரும்பாலும் மூன்றாம் மாதத்துக்கும் எட்டாம் மாதத்துக்கும் இடையில் தொடங்குகிறது. குறுகிய தூக்கம் பரவலாக இருக்கும் அதே வயது. வருவதும் பெரும்பாலும் தூக்கத்திலிருந்து விழிக்கும் நேரத்தில். தலை முன்னால் கவிழும், கைகள் விரியும், கால்கள் மடங்கும். ஓரிரு நொடியில் முடிந்துவிடும். சில நொடி கழித்து மறுபடியும் அதே அசைவு. இப்படி வரிசையாகப் பத்து, இருபது முறை வரலாம். நடுநடுவே குழந்தை அழும். பார்ப்பவர்கள் திடுக்கிட்டு விழிக்கிறது என்றோ வயிற்று வலி என்றோ நினைத்துக்கொள்வார்கள்.

வேறுபாடு தெளிவானது. சாதாரணத் திடுக்கிடல் ஒரு சத்தத்துக்கோ அசைவுக்கோ ஒரு முறை வரும். அது நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் மறைந்துவிடும். வலிப்பு காரணமின்றி, தாளம் தப்பாமல், திரும்பத் திரும்ப வரும். முகம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த குழந்தை சிரிப்பை நிறுத்திவிடுவதும் கண்ணோடு கண் பார்க்காததும் கூடவே வரும் அடையாளங்கள். வீட்டில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: விழிக்கும் நேரத்தைச் செல்போனில் காணொளியாகப் பதிவு செய்து, ஓரிரு நாளுக்குள் குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூளை மின்னலைப் பதிவு நோயைக் காட்டிவிடும். ஹார்மோன் ஊசி, ஸ்டீராய்டு, விகபாட்ரின் ஆகிய சிகிச்சைகள் எவ்வளவு சீக்கிரம் தொடங்குகின்றனவோ, அந்த அளவுக்குக் குழந்தையின் அறிவு வளர்ச்சி காப்பாற்றப்படும். வாரக்கணக்கில் தள்ளிப்போட்டால் இழப்பு நிரந்தரமாகிவிடலாம்.

ஆறு மாதத்துக்குப் பிறகு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தாயிடமிருந்து வந்த இரும்புச் சத்தின் இருப்பு அப்போது தீரத் தொடங்குகிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் 67 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. இரும்புக் குறைவு தூக்கத்தில் உருண்டு புரளவும் கால்களை உதைக்கவும் வைக்கும். வெளிறிய நகமும் நாக்கும் தெரிந்தால் ரத்தப் பரிசோதனை செய்வது நல்லது.

தூங்க வைக்கக் கொடுக்கக் கூடாதவை

அரை மணித் தூக்கம் தரும் அலுப்பில் சில வீடுகளில் கசகசாவை அரைத்துப் பாலில் கலந்து கொடுக்கிறார்கள். கசகசா அபின் செடியின் விதை. அதில் ஒட்டியிருக்கக்கூடிய மார்ஃபின் குழந்தையின் மூச்சையே அடக்கிவிடலாம். சளி மருந்து கொடுத்தால் நன்றாகத் தூங்குகிறது என்று அதையே தொடர்வதும் இதற்கு இணையான ஆபத்து. குளோர்ஃபெனிரமின், ஃபினைல்எஃப்ரின் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் அறிவுறுத்தியது. உரம் எடுப்பதாகச் சொல்லிக் குழந்தையைச் சேலையில் உருட்டுவதும் குலுக்குவதும் கழுத்துக்கும் மூளைக்கும் கேடு.

நீண்ட தூக்கத்துக்காகக் குப்புறப் போடுவதும் கூடாது. குப்புறப் படுத்த குழந்தை ஆழ்ந்து தூங்குவது உண்மை. மூச்சுக்கு இடைஞ்சல் வரும்போது எளிதில் விழிக்காததும் அதே காரணத்தால்தான். மல்லாந்த நிலையில், தலையணையும் மெத்தென்ற போர்வையும் இல்லாத, சமமான கெட்டியான படுக்கையே பாதுகாப்பானது. தூளியில் கழுத்து மடங்கித் தாடை மார்பில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். யாரும் கவனிக்காத நேரத்தில் தூளியில் விடக் கூடாது. குழந்தை புரளத் தொடங்கிவிட்டால் தூளியை அவிழ்த்துவிடும் காலம் வந்துவிட்டது.

சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் போகும் முன் மூன்று நாளின் தூக்கத்தை ஒரு தாளில் எழுதிக்கொண்டால் போதும்: தூங்கிய நேரம், விழித்த நேரம், சிரித்தா அழுதா எழுந்தது. கூடவே எடை எழுதிய தடுப்பூசி அட்டை. விழிக்கும்போது வழக்கத்துக்கு மாறான அசைவு இருந்தால் அதன் காணொளி. இந்த மூன்றும் கையில் இருந்தால், அரை மணித் தூக்கம் வயதின் இயல்பா நோயின் அறிகுறியா என்பதைப் பெரும்பாலும் ஒரே சந்திப்பில் சொல்லிவிடலாம்.